கட்டைவிரலுக்கு என்ன பொருள், டாக்டர்?

மருத்துவமனை இயக்குநர் அவர்களுக்கும், இரவு அழைப்புப் பணியில் இருக்கும் மருத்துவ அதிகாரிகளுக்கும் வணக்கம்.

போன மாதம் பெண்கள் வார்டில் நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். விசாரணை அறிக்கை உங்கள் மேசையில் இருக்கிறது. "நோயாளியின் நிலையை உரிய நேரத்தில் தெளிவாகத் தெரிவிக்கத் தவறினார்" என்று எனக்கு வந்த நினைவூட்டுக் கடிதம் என் கைப்பையில் இருக்கிறது. 22 ஆண்டுகளாகத் தாதியாக இருக்கிறேன். இப்படியொரு கடிதம் வந்தது இதுவே முதல் தடவை. அதில் பாதி உண்மை. மீதிப் பாதியைப் பற்றித்தான் இந்த மடல். நோயாளியை யாரும் அடையாளம் காணாதபடி வயதையும் கட்டில் எண்ணையும் மாற்றியிருக்கிறேன்.

ஒன்பதாம் கட்டிலில் இருந்தவர் செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கும் பெண். வயது 34, எடை 50 கிலோ. டிங்கி காய்ச்சல், ஐந்தாம் நாள். மாலை 6 மணிக்குக் காய்ச்சல் 38.6 டிகிரி, இரத்த அழுத்தம் 110/70, நாடி 92. நான் இரவு 9 மணிக்குப் பொறுப்பேற்றபோது, "ஸ்டேபிள்" என்று ஒரே சொல்லில் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். இரவு 1.30க்குக் காய்ச்சல் 36.9 டிகிரிக்கு இறங்கியிருந்தது. அழுத்தம் 98/80, நாடி 120. இரண்டு தடவை வாந்தி எடுத்திருந்தார். வயிறு வலிக்கிறது என்றார். கையைத் தொட்டால் கிணற்று நீரில் நனைத்தெடுத்ததுபோல் குளிர்ந்திருந்தது.

டிங்கியில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்தான நேரம் என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் இந்த மடலை மற்றவர்களும் படிப்பார்கள். காய்ச்சல் விட்டதும் வீட்டார் சாமிக்கு நன்றி சொல்வார்கள். அதே நேரத்தில் இரத்தக் குழாய்களின் சுவர் வழியே நீர் வெளியே கசிந்துகொண்டிருக்கும். உடல் குழாய்களை இறுக்கிச் சமாளிக்கப் பார்க்கும். அதனால் இரத்த அழுத்தத்தின் மேல் எண் அவ்வளவாக விழாது, கீழ் எண் ஏறும். மாலையில் இரண்டுக்கும் நடுவே 40 இருந்தது, இரவில் 18. அந்த இடைவெளி 20க்கு வந்தாலே அது ஷாக்கின் வாசல்படி, உறுப்புகளுக்குப் போதிய இரத்தம் போகாத நிலையின் தொடக்கம். "98 இருக்கிறதே, போதுமே" என்று மேல் எண்ணை மட்டும் பார்ப்பவர் ஏமாந்துபோவார். இரத்தம் கெட்டிப்படுவதைக் காட்டும் ஹிமாட்டோக்ரிட்டும் 38இலிருந்து 46க்கு ஏறியிருந்தது. இது ஐந்தில் ஒரு பங்குக்கும் மேலான ஏற்றம். 50 கிலோ எடைக்கு மணிக்கு 25 மில்லியாவது சிறுநீர் போக வேண்டும். பத்து மணியிலிருந்து ஒரு சொட்டும் போகவில்லை.

இவ்வளவும் எனக்குத் தெரிந்திருந்தது. 1.40க்கு நான் அனுப்பிய செய்தியை இங்கே அப்படியே தமிழில் தருகிறேன், வெட்கத்தோடு.

"டாக்டர், தொந்தரவுக்கு மன்னிக்கவும். ஒன்பதாம் கட்டில், டிங்கி. காய்ச்சல் இறங்கிவிட்டது. பி.பி. 98/80. கொஞ்சம் சோர்வாக இருக்கிறார், வயிறு வலிக்கிறதாம். தங்கள் தகவலுக்காக."

1.52க்குப் பதில் வந்தது: ஒரு மஞ்சள் கட்டைவிரல்.

வருகிறார் என்று நான் எடுத்துக்கொண்டேன். "பார்த்துவிட்டேன், சரி" என்ற பொருளில்தான் அவர் அனுப்பினார் என்பது விசாரணையில்தான் தெரிந்தது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அன்றிரவு இரண்டு வார்டுகளுக்கும் அவசரப் பிரிவுக்கும் அவர் ஒருவர்தான். அவசரப் பிரிவில் மோட்டார் சைக்கிள் விபத்தில் சிக்கிய இரண்டு பையன்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டைப்பையிலிருந்து எடுத்த கைப்பேசியின் திரையில் முதல் வரி மட்டும்தான் தெரிந்திருக்கும். அந்த முதல் வரியில் நான் எழுதியிருந்தது மன்னிப்பு. அடுத்தது நல்ல செய்தி போன்ற ஒன்று: காய்ச்சல் இறங்கிவிட்டது. கடைசியில் "தகவலுக்காக". எதையும் செய்யச் சொல்லாத செய்திக்கு அவர் எதையும் செய்யவில்லை.

நானோ குறிப்பேட்டில் "டாக்டருக்குத் தெரிவிக்கப்பட்டது" என்று எழுதி நேரத்தையும் குறித்துவிட்டேன். நாங்கள் தினமும் எழுதும் வாக்கியம் இது. தாளைக் காப்பாற்றும், கட்டிலில் படுத்திருப்பவரைக் காப்பாற்றாது.

2.45க்கு அழுத்தம் 78/64. போனில் அழைத்தேன், ஐந்து நிமிடத்தில் ஓடி வந்தார். கட்டைவிரலுக்கும் அந்த அழைப்புக்கும் நடுவே 53 நிமிடம் போய்விட்டிருந்தது. 1.40க்கே தொடங்கியிருந்தால் ஒரு மணி நேரத்தில் 500 மில்லி திரவத்தோடு நின்றிருக்கக்கூடும். இப்போது அரை மணிக்குள் ஒரு லிட்டர் ஏற்ற வேண்டியதாயிற்று. பிறகு பெரிய மருத்துவமனைக்கு ஆம்புலன்சில், செம்பனை லாரிகளுக்குப் பின்னால் ஒரு மணி நேரப் பயணம். அங்கே நெஞ்சில் நீர் கோத்து மூச்சுத்திணறல் வந்து, ஒன்பது நாள் கழித்து வீடு திரும்பினார். உயிர் பிழைத்தார். அந்த ஒரு காரணத்தால்தான் இந்த மடலை என்னால் நிதானமாக எழுத முடிகிறது.

பிறகு ஏன் நேராக எழுதவில்லை, ஏன் உடனே அழைக்கவில்லை என்று விசாரணையில் கேட்டீர்கள். அன்று பதில் சொல்லாமல் நின்றேன், இன்று சொல்கிறேன். அதற்கு இரண்டு வாரம் முன்பு இன்னொரு நோயாளிக்காக இரவு இரண்டு மணிக்கு ஒரு மருத்துவரை எழுப்பினேன். என் மகன் வயது அவருக்கு. நோயாளியின் உறவினர்கள் முன்னால், "அக்கா, இதற்குத்தானா எழுப்பினீர்கள்? நோயைக் கண்டுபிடிப்பது உங்கள் வேலையா?" என்று கேட்டார். அன்றிலிருந்து என் செய்திகள் எல்லாம் "மாஃப் மெங்காங்கு, டாக்டர்", அதாவது தொந்தரவுக்கு மன்னிக்கவும் என்றுதான் மலாயில் தொடங்குகின்றன. எங்கள் வார்டில் முக்கால்வாசித் தாதியரின் செய்தியும் அப்படித்தான் தொடங்குகிறது. அதை மரியாதை என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். அது பயம்.

ஆகவே எங்கள் கோரிக்கை இதுதான்: தாதியின் அவசரச் செய்திக்குக் கட்டைவிரல் வேண்டாம். கேட்டதைத் திரும்பச் சொல்லுங்கள், என்ன செய்யப் போகிறீர்கள், எப்போது வருவீர்கள் என்று வார்த்தையில் எழுதுங்கள்.

எங்கள் பக்கத்தையும் நாங்கள் திருத்திக்கொள்கிறோம். அன்று நான் அனுப்பியிருக்க வேண்டியது இது:

"அவசரம், உடனே வாருங்கள். ஒன்பதாம் கட்டில், டிங்கி ஐந்தாம் நாள், ஷாக் தொடங்குகிறது என்று நினைக்கிறேன். பி.பி. மாலை 110/70, இப்போது 98/80. நாடி 92, இப்போது 120. ஹிமாட்டோக்ரிட் 38, இப்போது 46. கை சில்லிட்டிருக்கிறது, 10 மணியிலிருந்து சிறுநீர் இல்லை. நீங்கள் வரும்வரை எவ்வளவு திரவம் ஏற்றட்டும்?"

இதில் மரியாதைக் குறைவு எங்கே இருக்கிறது? "நினைக்கிறேன்" என்ற சொல்தான் சிலருக்கு உறுத்தும் என்று தெரியும். தாதி நினைக்கலாமா? எண்களை மட்டும் அனுப்பினால், விபத்தில் சிக்கியவனுக்குத் தையல் போட்டுக்கொண்டிருப்பவர் அவற்றைக் கூட்டிக் கழித்துப் பார்க்க வேண்டும். நான் நினைத்ததையும் சேர்த்து எழுதினால், அது சரியா தவறா என்று முடிவு செய்தால் போதும். தவறாக இருந்தால் வந்து பார்த்துவிட்டு, தவறு என்று சொல்லுங்கள். திரவத்தை நானாக ஏற்ற முடியாது. கூடிப்போனால் நுரையீரலில் நீர் கோத்துவிடும் என்பதால்தான் அளவை உங்களிடம் கேட்கிறேன்.

அதற்குப் பதில் இப்படி வந்தால் போதும்: "ஒன்பதாம் கட்டில், டிங்கி ஷாக். 500 மில்லி, ஒரு மணி நேரத்தில். பத்து நிமிடத்தில் வருகிறேன்." நான் அதையே ஒருமுறை திருப்பி அனுப்பி உறுதி செய்வேன். இருவருக்கும் சேர்த்து அரை நிமிட வேலை.

இந்த முறையை நான் கண்டுபிடிக்கவில்லை. நிலைமை, பின்னணி, கணிப்பு, கோரிக்கை என்ற நான்கு படிகள் அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களிலிருந்து வந்தவை. பிறகு கைசர் பெர்மனெண்டே மருத்துவக் குழுமம் அவற்றை மருத்துவமனைக்கு ஏற்ப மாற்றியது. கடலுக்கடியில் இருப்பவன் கட்டைவிரலைக் காட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போக முடியாது. நம் மருத்துவமனையிலும் அந்த நான்கு படிகள் இருக்கின்றன, தேநீர் அறைச் சுவரில், பளபளக்கும் பிளாஸ்டிக் உறைக்குள். போன நோன்புப் பெருநாள் விருந்துக்கு யார் ரெண்டாங் கொண்டுவருவது, யார் லெமாங் கொண்டுவருவது என்ற பட்டியல் அதன்மேல் ஒட்டப்பட்டு இன்னும் தொங்குகிறது. அந்தப் பட்டியலில் யார், எது, எத்தனை மணிக்கு என்று எல்லாமே தெளிவாக எழுதியிருக்கிறது. ரெண்டாங்குக்குக் கிடைக்கும் தெளிவு ஒன்பதாம் கட்டிலுக்குக் கிடைக்கவில்லை. 28 நோயாளிகளுக்கு இரவில் இரண்டு தாதியர், மூன்று இடங்களுக்கு ஒரு மருத்துவர் என்று வைத்துவிட்டு, தொடர்பாடல் பயிற்சிக்கு ஆண்டுதோறும் கேக் வெட்டுவதில் என்ன பயன்?

மன்னிக்கவும், கோபத்தில் எங்கோ போய்விட்டேன். ஆள் பற்றாக்குறையை உங்களால் ஒரே நாளில் தீர்க்க முடியாது என்று அறிவேன். நான் கேட்பதற்கு ஆளும் வேண்டாம், பணமும் வேண்டாம்.

இன்னொன்றையும் எழுத்தில் தாருங்கள். ஐந்து நிமிடத்தில் வார்த்தையில் பதில் வராவிட்டால் நாங்கள் போனில் அழைப்போம். அதற்கும் பதில் இல்லையென்றால் அடுத்த ஐந்து நிமிடத்தில் நிபுணரை அழைப்போம். அதற்காக யாரும் எங்களைத் திட்டக்கூடாது. எண்கள் எல்லாம் சரியாக இருந்தும், "காரணம் தெரியவில்லை, ஆனால் இவர் சரியாக இல்லை, வந்து பாருங்கள்" என்று தாதி எழுதினால் அதையும் முழுச் செய்தியாக ஏற்றுக்கொள்ளுங்கள். நான்கு படிகளுக்குள் எல்லாமே அடங்கிவிடாது. ஒரு முகம் வெளிறுவதை எந்தப் படியில் எழுதுவது? பத்துத் தடவை அப்படி அழைத்து எட்டுத் தடவை ஒன்றுமில்லாமல் போகலாம். அந்த எட்டுத் தூக்கத்துக்கு நான் இப்போதே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். இனிச் செய்தியின் முதல் வரியில் கேட்க மாட்டேன்.

ஆகவே மீண்டும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்: கட்டைவிரல் வேண்டாம். கேட்டதைத் திரும்பச் சொல்லுங்கள், எப்போது வருவீர்கள் என்று எழுதுங்கள். இதை மாதத் தொடக்கத்தில் எல்லா வார்டுகளுக்கும் சுற்றறிக்கையாக அனுப்பி, மருத்துவர்களும் தாதியரும் கையெழுத்திடச் செய்ய வேண்டும்.

இந்த மடலுக்குப் பதில் எழுதினால் இரண்டு வரி போதும். நான் என்ன கேட்டேன் என்று ஒரு வரி, எப்போது செய்வீர்கள் என்று ஒரு வரி.

இப்படிக்கு,
பெண்கள் வார்டின் இரவுத் தாதி ஒருவர்