ரேமை மட்டும் மாற்ற முடியாது, ஆசிரியரே

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் கணினிப் பக்கத்தில், ‘பழைய டிடிஆர்4 ரேமைக் கழற்றிவிட்டு டிடிஆர்5 மாட்டினால் உங்கள் கணினி இரு மடங்கு வேகமெடுக்கும்’ என்று ஒரு வரி வந்திருக்கிறது. கட்டுரையைத் திரும்பத் திரும்பப் படித்துவிட்டேன். மதர்போர்டு என்ற சொல் அதில் ஓரிடத்தில்கூட இல்லை. பிராசஸரைப் பற்றியும் பேச்சில்லை.

திருச்சியில் கணினி அசெம்பிள் செய்து, பழுது பார்த்துப் பிழைப்பவன் நான். இதழ் வெளிவந்த வாரத்திலேயே அந்த வரியின் பலன் என் கடை மேசைக்கு வந்துவிட்டது. கல்யாண ஆல்பம் வடிவமைக்கும் ஸ்டூடியோக்காரர் ஒருவர், இணையத்தில் வாங்கிய டிடிஆர்5 ரேமோடு சிபியூ பெட்டியையும் தூக்கிக்கொண்டு வந்தார். “அண்ணே, எந்தப் பக்கம் திருப்பி வெச்சாலும் உட்கார மாட்டேங்குது, கொஞ்சம் அழுத்திப் பாருங்க” என்றார். நல்லவேளை, அவர் அழுத்தவில்லை. இரண்டு தலைமுறை ரேமுக்கும் பின்கள் 288தான், நீளமும் ஒன்றுதான். நடுவில் உள்ள வெட்டுதான் கொஞ்சம் தள்ளி இருக்கிறது. பலம் காட்டினால் ஸ்லாட் போயிருக்கும். பாக்கெட்டைப் பிரித்துவிட்டதால் விற்றவர்கள் திரும்ப எடுக்கவில்லை. 2025 இறுதியிலிருந்து ரேம் விலை ஏறிய ஏற்றத்தில், சிறு தொழில் செய்பவருக்கு அது எத்தனை பெரிய இழப்பு என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்த வெட்டை இடம் மாற்றி வைத்ததே இப்படி மாட்டிவிடக் கூடாது என்பதற்காகத்தான். டிடிஆர்4 ரேமுக்கு 1.2 வோல்ட்டை மதர்போர்டே தயாரித்துக் கொடுக்கும். டிடிஆர்5 அப்படியல்ல. போர்டிலிருந்து 5 வோல்ட்டை வாங்கி, தன் மேலேயே இருக்கும் சில்லு வழியாக 1.1 வோல்ட்டாகக் குறைத்துக்கொள்ளும். அதுமட்டுமல்ல, ரேமோடு பேசும் கன்ட்ரோலர் பிராசஸருக்குள் இருக்கிறது. ஸ்டூடியோக்காரரிடம் இருந்தது ஏஎம்டியின் ரைசன் 5 3600 பிராசஸர், ஏஎம்4 சாக்கெட் உள்ள பி450 போர்டு. ஏஎம்4 சாக்கெட் பிராசஸர்களுக்கு டிடிஆர்4 மட்டும்தான் தெரியும். டிடிஆர்5 வேண்டுமென்றால் அடுத்து வந்த ஏஎம்5 சாக்கெட் போர்டு வேண்டும், அதற்கு ரைசன் 7000 வரிசையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும். மூன்றையும் சேர்த்து வாங்கியாக வேண்டும். மதர்போர்டு மாறினால், கணினியோடு வந்த விண்டோஸ் உரிமமும் செல்லாமல் போகலாம்.

இன்டெல் பக்கம் கதை வேறு. 12, 13, 14ஆம் தலைமுறை பிராசஸர்கள் இரண்டு ரேமையும் ஏற்கும். ஆனால் போர்டு பெரும்பாலும் ஏதாவது ஒன்றைத்தான் ஏற்கும். ஐ5-12400 வைத்திருப்பவர் போர்டையும் ரேமையும் மாற்றினால் போதும். அதற்குப் பின் வந்த கோர் அல்ட்ரா 200 வரிசையில் டெஸ்க்டாப்புக்கு டிடிஆர்5 மட்டுமே. இந்த வேறுபாட்டைச் சொல்ல ஒரு பத்தி போதுமே, ஐயா. கட்டுரையோடு போட்டிருந்த வண்ணப் படத்துக்கு அதைவிட அதிக இடம் போயிருக்கிறது.

‘இரு மடங்கு வேகம்’ என்பதற்கு வருகிறேன். நொடிக்கு எவ்வளவு தரவு ஓடும் என்ற கணக்கில் அது ஏறக்குறைய உண்மை. டிடிஆர்4-3200 ஒரு சேனலில் நொடிக்கு 25.6 ஜிபி தரும், டிடிஆர்5-6000 என்றால் 48 ஜிபி. ஆனால் கேட்ட தரவு வரத் தொடங்கும் வரை பிராசஸர் காத்திருக்கும் நேரம் என்று ஒன்று இருக்கிறது. ரேமின் தாமதத்தைக் குறிக்கும் சிஎல் எண்ணை 2000ஆல் பெருக்கி, ரேமின் வேக எண்ணால் வகுத்தால் அது நானோநொடியில் கிடைக்கும். டிடிஆர்4-3200 சிஎல்16க்கு 10 நானோநொடி. டிடிஆர்5-6000 சிஎல்30க்கும் அதே 10தான். விலை குறைவு என்று பலரும் வாங்கும் டிடிஆர்5-4800 சிஎல்40க்கோ கிட்டத்தட்ட 16.7. பெரிய கோப்புகளைச் சுருக்குவது, தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமல் பிராசஸரின் கிராஃபிக்ஸிலேயே விளையாடுவது போன்ற வேலைகளில் டிடிஆர்5இன் வேகம் நன்றாகவே தெரியும். எல்லா வேலையும் இரு மடங்காகும் என்பது வாசகரை ஏமாற்றுவது.

ஸ்டூடியோக்காரரின் கணினியில் நான் முதலில் திறந்தது டாஸ்க் மேனேஜரை. ஆல்பம் ஒன்றைத் திறந்ததும் 16 ஜிபி ரேமும் நிரம்பி, இடமில்லாததை டிஸ்க்குக்குத் தள்ளியதால் டிஸ்க் நூறு சதவீதத்தில் நின்றது. அவருக்குப் போதாதது ரேமின் அளவு. தலைமுறைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அதே பக்கத்தில் Speed என்ற இடத்தில் 2400 என்று இருந்தது. 3200 ரேமுக்குக் காசு கொடுத்துவிட்டு, பயாஸில், ரேமை அந்த வேகத்தில் ஓடவிடும் எக்ஸ்எம்பி அமைப்பை இயக்காமலே இத்தனை காலம் ஓட்டியிருக்கிறார். இரண்டு 16 ஜிபி டிடிஆர்4 ரேமை மாட்டி, எக்ஸ்எம்பியை இயக்கி, பிழை வருகிறதா என்று MemTest86இல் ஓர் இரவு முழுக்க ஓடவிட்டுக் கொடுத்தேன். ஆல்பம் திறந்திருக்கும்போதே டிஸ்க் அடங்கிவிட்டது. இன்னும் வேகம் வேண்டுமென்றால் அதே போர்டில் ரைசன் 7 5700எக்ஸ் போடலாம் என்று சொல்லி அனுப்பினேன். அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. பழைய பிராசஸர் உள்ளே இருக்கும்போதே பயாஸைப் புதுப்பித்துவிட வேண்டும். அதைச் செய்யாமல் புதியதை மாட்டிவிட்டு, திரை கறுப்பாகவே நிற்கிறது என்று போர்டைக் குறை சொல்லிக்கொண்டு பலரும் வருகிறார்கள்.

டிடிஆர்5 வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். போர்டு, பிராசஸர் எதுவும் கையில் இல்லாமல் புதிதாகக் கட்டுபவருக்கு ஏஎம்5ஐத்தான் நானும் பெரும்பாலும் சொல்கிறேன், நாளை பிராசஸரை மட்டும் மாற்றிக்கொள்ள வழி இருக்கிறதே என்பதற்காக. ஆனால் அவருக்குச் சொல்ல வேண்டியவையும் உங்கள் கட்டுரையில் இல்லை. நான்கு ரேம் போட்டால் ஏஎம்5இல் வேகம் 3600 வரை இறங்கிவிடலாம், ஆகவே தேவையான அளவை இரண்டு ரேமாக வாங்க வேண்டும். முதல் தடவை ஆன் செய்யும்போது ரேமைப் பழக்கப்படுத்திக்கொள்ள சில நிமிடம் திரை கறுப்பாக நிற்கும். அதைப் பார்த்துப் பயந்து பாதியில் மின்சாரத்தை நிறுத்துபவர்கள் என்னிடம் நிறையப் பேர் வருகிறார்கள்.

ஆசிரியர் அவர்களே, இது முதல் முறையும் அல்ல. ‘எம்.2 ஸ்லாட்டில் எந்த எம்.2 எஸ்எஸ்டியும் பொருந்தும்’ என்று எழுதினீர்கள். சாட்டா, என்விஎம்இ என்று இரண்டு வகை இருப்பதை விளக்கி அப்போதே கடிதம் போட்டேன். பிரசுரம் வேண்டாம், கிடைத்தது என்று ஒரு வரி பதில்கூட வரவில்லை. முன்பெல்லாம் முழுப் பக்கமாக, இங்கே வேலை செய்பவர்கள் எழுதிய கணினிப் பக்கம் அது. இப்போது பாதிக்கு விளம்பரம், மீதியில் டாலர் விலையைக்கூட மாற்றாத மொழிபெயர்ப்பு. அந்தப் பக்கத்தைக் கத்தரித்து வைத்துத்தான் நான் தொழில் கற்றேன். அதனால்தான் இத்தனை மனவருத்தம்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த இதழில், அதே பக்கத்தில், கண்ணில் படும் எழுத்தில் ஒரு திருத்தம் போடுங்கள்: டிடிஆர்4 கணினியில் டிடிஆர்5 பொருந்தாது, மதர்போர்டு மாற வேண்டும், பல கணினிகளில் பிராசஸரும் மாற வேண்டும். வாங்கும் முன் மதர்போர்டின் மாடல் பெயரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். இடம் போதவில்லை என்றால் இந்தக் கடிதத்தைப் போட வேண்டாம், அந்தத் திருத்தத்தை மட்டும் போடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்,
திருச்சி.