பெட்டிக்கு எவ்வளவு என்று மட்டும் கேட்டால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சொந்த நிலம் இல்லாமல், அறுவடைக் காலத்துச் சில வாரக் கூலியை நம்பியிருப்பவர்கள் வேலைக்குப் பேசும்போது முதலில் கேட்பது "பெட்டிக்கு எவ்வளவு?" என்றுதான். பாதிப் பேச்சு அதிலேயே முடிந்துவிடுகிறது. ஆனால் அதே பெட்டிக்கூலி ஒரு தோட்டத்தில் நல்ல கூலியாகவும் பக்கத்துத் தோட்டத்தில் அரைக்கூலியாகவும் ஆகலாம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பழம் பறிக்கும் வேலை. பெட்டிக்கு 20 கிலோ. 20 பெட்டி பறித்தால் எட்டு மணி நேர நாள்கூலி கிடைக்கும்படி பேசியிருக்கிறார்கள். காய்ப்பு உச்சத்தில் இருந்தால் மணிக்கு நான்கு பெட்டி நிறையும். ஐந்து மணி நேரத்தில் நாள்கூலி வந்துவிடும். முதல் பறிப்பு அப்படியல்ல. பழுத்ததை மட்டும் தேடிப் பறிக்க வேண்டும், மணிக்கு இரண்டு பெட்டி நிறைவதே பெரிது. அதிலும் எட்டு மணி நேரமும் கை ஓடாது. பனி உலரக் காத்திருப்பது, காலிப் பெட்டி வராமல் நிற்பது, எடை போட வரிசையில் நிற்பது என்று ஒன்றரை மணி நேரம் போய்விட்டால் மிஞ்சுவது ஆறரை மணி, 13 பெட்டி. நாள்கூலியில் 65 சதவீதம்தான். இத்தனைக்கும் யாரும் ஏமாற்றவில்லை.

அதனால் எத்தனையாவது பறிப்பு என்று முதலில் கேளுங்கள். ஒப்புக்கொள்ளும் முன் குழுவில் வேகமானவர் ஒருவரும் நிதானமானவர் ஒருவரும் ஒரு மணி நேரம் பறித்துப் பார்க்கட்டும். வரும் சராசரியை எட்டால் அல்ல, ஆறரையால் பெருக்குங்கள். நாள்கூலிக்குக் குறைந்தால், "பெட்டிக் கணக்கு குறையும் நாளில் நாள்கூலி தர வேண்டும்" என்று பேசுங்கள். கூலியைக் கொஞ்சம் ஏற்றிக் கேட்பதைவிட இந்த ஒரு வரி பெரிது. நாணயமான முதலாளி இதற்குத் தயங்க மாட்டார். தன் தோட்டத்தின் காய்ப்பு அவருக்குத் தெரியும்.

அடுத்தது பெட்டியின் அளவு. குவித்து நிரப்பச் சொன்னால் 20 கிலோ பெட்டி 23 கிலோவாகிவிடும். 13 பெட்டியில் 39 கிலோ, அதாவது ஏறத்தாழ இரண்டு பெட்டி உழைப்பு கணக்கில் வராது. விளிம்பு மட்டத்துக்கா, குவியலா என்று முதல் நாளே முடிவு செய்யுங்கள். தராசில் சந்தேகம் வந்தால் ஒரு கேனைக் காலியாக எடை போட்டு, அதில் பத்து லிட்டர் தண்ணீரை அளந்து ஊற்றி மறுபடி போடுங்கள். வித்தியாசம் பத்துக் கிலோ காட்ட வேண்டும். கழிவு என்று ஒதுக்குவதைப் பறித்தவர் கண்ணெதிரே, தோட்டத்திலேயே ஒதுக்க வேண்டும். மாலையில் கிடங்கிலிருந்து "இத்தனை பெட்டி கழிவு" என்று வரும் சேதியைச் சரிபார்க்க வழியே இல்லை. ஒவ்வொரு பெட்டிக்கும் சீட்டு வாங்கி, அன்றன்றே உங்கள் நோட்டில் எழுதி, கணக்குப் பார்ப்பவரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

முதலாளி எப்படிப்பட்டவர் என்பது போன பருவத்தில் அங்கே வேலை செய்தவர்களைக் கேட்டால் தெரியும். நல்லவரா என்று கேட்காதீர்கள். கடைசிக் கூலி எத்தனை நாளில் வந்தது, எதற்கெல்லாம் கூலியில் பிடித்தார்கள், இந்த வருடமும் போகிறீர்களா என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு வரும் பதில் பெரும்பாலும் பொய் சொல்லாது.

நடுவில் மேஸ்திரி இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். தோட்டக்காரர் அவரிடம் பணம் கொடுத்துவிட்டேன் என்பார், மேஸ்திரி இன்னும் வரவில்லை என்பார். மேஸ்திரி தராவிட்டால் யார் பொறுப்பு என்று தோட்டக்காரரிடமே சாட்சி வைத்துக் கேளுங்கள். கூலி வாராவாரம் கைக்கு வர வேண்டும். பருவ முடிவில் மொத்தமாக என்று ஒப்புக்கொண்டால், நடுவில் தகராறு வந்தாலும் விட்டுவிட்டுப் போக முடியாது. முன்பணம் வாங்கினால் வாரத்துக்கு எவ்வளவு கழிப்பார்கள், வேலை சீக்கிரம் முடிந்தால் மிச்சம் என்ன ஆகும் என்று எழுதி வாங்குங்கள். வேலை பிடித்துக் கொடுத்ததற்காகக் கூலியில் பிடிப்பதைச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1949ஆம் ஆண்டுக் கூலிப் பாதுகாப்பு உடன்படிக்கை (எண் 95) தடை செய்கிறது. அதை ஏற்ற நாடுகளில் தரகருக்கும் இது பொருந்தும்.

ஆசிரியர் அவர்களே, உங்களுக்கு ஒரு வேண்டுகோள். அறுவடை வேலைக்கு ஆள் கேட்டு விளம்பரம் வந்தால் பெட்டியின் எடை, எத்தனையாவது பறிப்பு, கூலி தரும் நாள், தருபவர் பெயர் ஆகியவற்றைக் கேட்டு வாங்கி, அதோடு சேர்த்தே வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
அறுவடைக் குழுக்களுக்குக் கூலிக் கணக்கு எழுதும் வாசகர்