இறக்குமதி பெருகியது சரி, யாரிடமிருந்து யாருக்கு மாறியது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில், தமக்குள் வரியை நீக்கி வெளியாருக்கு ஒரே வரி விதிக்கும் நாடுகளின் கூட்டான சுங்க ஒன்றியங்களைப் பற்றித் தாங்கள் வெளியிட்ட கட்டுரையைக் காப்பி ஆறிப்போகும் வரை இருமுறை படித்தேன். "1973இல் பிரிட்டன் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்ந்ததும் உறுப்பு நாடுகளிலிருந்து அதன் இறக்குமதி பெருகியது, வரி நீங்கியதால் நட்டமடைந்தவர் எவருமில்லை" என்று அதில் ஒரு வாக்கியம். முற்பாதியில் பிழையில்லை. பிற்பாதியை எழுதியவர், முப்பத்தோர் ஆண்டுகள் கரும்பலகையில் சுண்ணாம்புத் தூள் தின்றவர்களை ஒரே காற்புள்ளியில் தாண்டிப் போய்விட்டார்.

பொருளியலாளர் ஜேக்கப் வைனர் 1950இல் எழுதியது தங்களுக்குத் தெரியாததல்ல. ஒன்றியத்துக்குள் வரியை நீக்குவது பார்வைக்குத் தடையற்ற வணிகத்தை நோக்கிய ஓர் அடி போலவே இருக்கும்; ஆனால் கூட்டாளிக்கு மட்டும் வரியை நீக்கி வெளியாளுக்கு வைத்திருப்பது பாரபட்சமும் ஆகும், அதனால் விளைவு இரு திசையிலும் போகலாம் என்பதே அவர் காட்டியது. உள்நாட்டில் அதிகச் செலவில் செய்துகொண்டிருந்த பொருள் கூட்டாளியிடமிருந்து குறைந்த செலவில் வரத் தொடங்கினால் அது வணிக உருவாக்கம். வெளியாளிடமிருந்து குறைந்த செலவில் வந்துகொண்டிருந்த பொருள், வரிச் சலுகையின் தயவால் அதிகச் செலவுள்ள கூட்டாளிக்கு மாறினால் அது வணிகத் திசைதிருப்பம். இரண்டிலும் கூட்டாளியிடமிருந்து வரும் இறக்குமதி பெருகத்தான் செய்யும். ஆகவே அது பெருகியதை மட்டும் சொல்லிவிட்டு ஆதாயம் என்று முடிப்பது, ஒரு வீட்டில் கூட்டம் நிறைந்ததைப் பார்த்துவிட்டு வந்தது கல்யாணமா துக்கமா என்று கேட்காமலே மொய் எழுதுவதற்கு ஒப்பாகும்.

எண்களைக் கண்டால் வாசகர் பக்கத்தைத் திருப்பிவிடுவார் என்று தங்கள் அலுவலகத்திலிருந்து முன்பொரு முறை எனக்கு எழுதியிருந்தீர்கள். எட்டாம் வகுப்புக் கணக்குக்கு மேல் இதில் ஒன்றுமில்லை, பொறுத்தருளுங்கள்.

ஒரு கிலோ வெண்ணெயை உருவாக்க நம் நாட்டில் 100 ரூபாயும், கூட்டாளி நாட்டில் 80 ரூபாயும், கடல் கடந்த வெளிநாடு ஒன்றில் 60 ரூபாயும் செலவாவதாக வைத்துக்கொள்வோம். தொடக்கத்தில் நாம் எல்லாருக்கும் ஒரே விகிதத்தில் 80 விழுக்காடு வரி போட்டிருந்தால், வெளிநாட்டு வெண்ணெய் நம் துறைமுகத்தைத் தாண்டும்போது 108, கூட்டாளியுடையது 144. ஆகவே 100 ரூபாய்க்கு நம் வெண்ணெயையே நாம் வாங்குவோம். இப்போது கூட்டாளியோடு ஒன்றியம் அமைத்து அவருக்கு மட்டும் வரியை நீக்கினால் அவருடைய வெண்ணெய் 80க்கு வரும். நூறு ரூபாய் உழைப்பிலும் தீவனத்திலும் கிடைத்தது எண்பதில் கிடைக்கிறது, கிலோவுக்கு 20 மிச்சம். முன்பு வெண்ணெய் இறக்குமதியே இல்லாததால் அரசுக்கு வரி வருமானத்தில் இழப்பும் இல்லை. இதுவே வணிக உருவாக்கம்.

அதே மூன்று செலவுகளை வைத்துக்கொண்டு தொடக்க வரியை மட்டும் 50 விழுக்காடாக மாற்றிப் பாருங்கள். வெளிநாட்டு வெண்ணெய் 90, கூட்டாளியுடையது 120, நம்முடையது 100. நாம் 90 கொடுத்து வெளிநாட்டு வெண்ணெய் வாங்குகிறோம். அதில் 60 அந்த நாட்டுக்கும் 30 நம் கருவூலத்துக்கும் போகின்றன. ஒன்றியம் வந்ததும் கூட்டாளி 80க்குத் தருகிறார், வெளிநாட்டவர் 90லேயே நிற்கிறார், வாங்குபவர் இடம் மாறுகிறார். நூறு கிலோ வாங்கும் ஊரில் வாங்குபவர்களுக்குக் கிலோவுக்குப் பத்தாக 1,000 ரூபாய் மிச்சம், கருவூலத்துக்கு முப்பதாக 3,000 ரூபாய் போயிற்று. மொத்தத்தில் 2,000 ரூபாய் நட்டம். கிலோவுக்கு 60 கொடுத்த நாடு இப்போது 80 கொடுக்கிறது என்பதே அந்த 2,000. விலை குறைந்ததால் ஊர் கூடுதலாக இருபது கிலோ வாங்கினால், முதல் கூடுதல் கிலோவில் ஏறக்குறையப் பத்து ரூபாயும் கடைசிக் கிலோவில் ஏறக்குறைய ஒன்றுமில்லையுமாகச் சராசரி ஐந்து, ஆக 100 ரூபாய் நன்மை சேரும். அப்போதும் நட்டம் 1,900.

வைனரை வேதவாக்காக நான் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. 1950களிலேயே பொருளியலாளர்கள் ஜேம்ஸ் மீடும் ரிச்சர்ட் லிப்சியும், விலை குறைந்ததால் கூடும் நுகர்வை அவர் கணக்கில் சேர்க்கவில்லை என்று சுட்டிக்காட்டினார்கள். கூட்டாளியின் செலவு 80க்குப் பதில் 62 என்றால் வாங்குபவருக்கு 2,800 மிச்சம், கருவூலத்துக்கு 3,000 இழப்பு. நுகர்வு முன்போலவே விலையில் குறையும் ஒவ்வொரு ரூபாய்க்கும் இரண்டு கிலோ வீதம் 56 கிலோ கூடினால், சராசரி 14 வீதம் 784 ரூபாய் நன்மை சேர்ந்து, முடிவில் 584 ரூபாய் ஆதாயம். வெளியாளின் செலவுக்குக் கூட்டாளியின் செலவு எவ்வளவு நெருக்கமோ, அந்த அளவுக்குத் திசைதிருப்பத்தின் காயம் சிறிது. கட்டுரையாளர் இந்த வழியில் வாதாடியிருந்தால் நான் வாய் திறந்திருக்கமாட்டேன். அவரோ "எவருமில்லை" என்றல்லவா எழுதினார்.

எவருமில்லையா என்று நியூசிலாந்துப் பால் பண்ணைக்காரரைக் கேட்டிருக்கலாம். 1950களில் அந்நாட்டின் ஏற்றுமதியில் பாதிக்கு மேல் பிரிட்டனுக்கே போயிற்று. பிரிட்டன் சேர்ந்தால் தங்கள் வெண்ணெய் கதவுக்கு வெளியே நிற்கும் என்பதை வெலிங்டன் முன்கூட்டியே கணக்கிட்டுப் போராடியதால்தான், சேர்க்கை ஒப்பந்தத்தோடு இணைந்த 18ஆம் நெறிமுறை நியூசிலாந்து வெண்ணெய்க்கும் பாலாடைக்கட்டிக்கும் ஆண்டுக்காண்டு குறையும் அளவில் ஐந்தாண்டுச் சலுகை தந்தது. திசைதிருப்பம் என்று ஒன்று இல்லையென்றால் அந்த நெறிமுறை எதற்கு? அதோடு பிரிட்டனின் நிலை என் இரண்டாம் கணக்கைவிடவும் மோசம். என் கணக்கில் வெளிநாட்டின் மீது முன்பே வரி இருந்தது, அது அப்படியே தொடர்ந்தது. பிரிட்டனோ காமன்வெல்த் வெண்ணெயை அளவில் கட்டுப்படுத்தினாலும் கனத்த வரி போடாமல் வாங்கிவந்த நாடு; ஒன்றியத்தில் சேர்ந்ததும், வெளி வெண்ணெய் உள்விலைக்குக் கீழே இறங்காதபடி எல்லையில் தீர்வையை ஏற்றி இறக்கும் ஐரோப்பிய வேளாண் கொள்கையை அது ஏற்க வேண்டியதாயிற்று. அதாவது இல்லாத மதில் புதிதாக எழுந்தது. என் கணக்கில் வாங்குபவருக்குக் கிடைத்த அந்தப் பத்து ரூபாய்கூட லண்டன் இல்லத்தரசிக்கு இந்த வழியில் கிடைக்க இடமில்லை. தொழிற்பொருள்களில் கதை வேறு. தொடக்க ஆறு நாடுகளின் ஒன்றியத்தை ஆராய்ந்த பொருளியலாளர் பேலா பலாசா, தொழிற்பொருள்களில் உருவாக்கமே மேலோங்கியதாகவும் உணவுப் பொருள்களில் திசைதிருப்பம் தெரிந்ததாகவும் கணித்தார். பொருள்வாரியாகப் பிரித்துப் பார்க்காமல் பேசக்கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நட்டம் கண்ணில் படாது என்பதை நான் நேரில் பார்த்தவன். தொண்ணூறுகளில் நான் பணியாற்றிய கல்லூரியில் விடுதி உணவுக்கூடத்தின் பொறுப்பு சில ஆண்டுகள் என் தலையில் இருந்தது. உள்ளே வரும் பாலுக்கு லிட்டருக்கு 3 ரூபாய் வாயில் கட்டணம் என்று கல்லூரி வாங்கும். கொள்ளைக் கட்டணம் என்று எல்லாரும் ஏசுவோம். பக்கத்து ஊர்ப் பால்காரர் 8 ரூபாய்க்குத் தருவார், கட்டணத்தோடு 11. நிர்வாகத்துக்கு வேண்டிய பண்ணைக்காரர் ஒருவரின் விலை 10, கட்டணத்தோடு 13. ஆகவே அவரிடம் யாரும் வாங்கவில்லை. ஒரு ஜூன் மாதம் அவருக்கு மட்டும் கட்டணத்தை நீக்கினார்கள். மறுநாளே விடுதிப் பால் 11லிருந்து 10க்கு இறங்கியது, மாணவர் குழு நன்றித் தீர்மானம் போட்டது. நாளொன்றுக்கு 50 லிட்டர். மாணவர்களுக்கு 50 ரூபாய் மிச்சம், கல்லூரிக் கணக்கில் 150 ரூபாய் வராமல் போயிற்று. ஆண்டு முடிவில் தணிக்கையாளர் வாயில் கட்டண வரவு ஏன் சரிந்தது என்று கேட்டபோதுதான் எல்லாரும் விழித்தார்கள், பதில் சொல்ல நிற்கவைக்கப்பட்டவன் நான். பழைய பால்காரர் ஒடுங்கிய அலுமினியக் கேனோடும், அதன் கைப்பிடியில் கயிற்றால் கட்டிய அளவையோடும் மூன்று நாள் காலையில் வாயிலில் வந்து நின்றார். அவருக்கு நன்றித் தீர்மானம் எதுவும் இல்லை.

கசப்பு இதில்தான். உருவாக்கம் நடக்கும்போது உள்ளூர்ப் பட்டறை மூடும், ஊர்வலம் போகும், தங்கள் இதழும் முதல் பக்கத்தில் கண்ணீர் வடிக்கும். திசைதிருப்பம் நடக்கும்போது உள்ளூரில் எவரும் வேலையிழப்பதில்லை, விலையும் கொஞ்சம் இறங்குகிறது, தாங்கள் வாழ்த்துரை எழுதுகிறீர்கள். அடையாளம் காண்பது கடினமில்லை. கூட்டாளியிடமிருந்து வரும் இறக்குமதியின் பக்கத்தில், அதே பொருளை வெளிநாடுகளிடமிருந்து வாங்கிய அளவையும் வரி சேர்க்காத துறைமுக விலையையும் வைத்துப் பார்த்தால் போதும். அங்கே அளவு குறைந்து, இங்கே அதிக விலையில் ஏறியிருந்தால் அது திசைதிருப்பம். கட்டுரையோடு தாங்கள் வெளியிட்ட வண்ணப் படத்தில் கூட்டாளிகளின் நெடுவரிசை மட்டுமே இருந்தது. மற்றவர்களுக்கு மை தீர்ந்துவிட்டது போலும்.

இது முதல் முறையுமல்ல. 1998இல் கையெழுத்தான இந்திய இலங்கைத் தடையற்ற வணிக உடன்பாட்டைச் சென்ற ஆண்டு தங்கள் இதழ் "சுங்க ஒன்றியம்" என்று இருமுறை அச்சிட்டது. வெளியாருக்கு ஒரே வரியை எல்லா உறுப்பினரும் விதிப்பதே ஒன்றியம்; அந்த உடன்பாட்டில் இரு நாடுகளும் தத்தம் வரியைத் தாமே வைத்துக்கொண்டதால்தான் பொருள் எங்கே உருவானது என்ற சான்றிதழ் தேவைப்பட்டது என்று அப்போதே எழுதினேன். என் கடிதத்திலிருந்து அந்த ஒரு வரியை வெட்டிவிட்டு, தங்கள் இதழின் அச்சு அழகைப் பாராட்டிய வரியை மட்டும் வெளியிட்டீர்கள்.

இம்முறை கேட்பது இவ்வளவுதான்: "நட்டமடைந்தவர் எவருமில்லை" என்ற தொடரைத் திரும்பப் பெறும் திருத்தம் ஒன்றை அடுத்த இதழில் இரண்டு வரியில் போடுங்கள். இக்கடிதத்தை வெளியிடுவதானால், இடம் போதவில்லை என்று வெட்டும்போது என் அனுபவத்தை வெட்டுங்கள், 60, 80, 100 என்ற மூன்று எண்களில் கை வைக்காதீர்கள்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற பொருளியல் விரிவுரையாளர்,
கும்பகோணம்.