தயிரில் ஊறிய கறியும் எலுமிச்சையில் ஊறிய கறியும்

அன்பு மகள் தேன்மொழிக்கு,

அப்பா எழுதுகிறேன். நேற்று நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அடுப்பில் வைக்கும் முன்பே கோழித் துண்டுகளின் ஓரமெல்லாம் வெளுத்து, வெந்தது போல இருந்தது. அரை கிலோ நெஞ்சுக்கறிக்கு இரண்டு எலுமிச்சம்பழம் பிழிந்து ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் வைத்தேன் என்று எழுதியிருந்தாய். வறுத்தபோது வெளிப்பக்கம் சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தது, உள்ளே ரப்பராக இருந்தது என்றாய். உன் கைப்பக்குவத்தில் குறையில்லை அம்மா. எலுமிச்சைக்குக் கொடுத்த நேரம்தான் அதிகம்.

கறியில் இருக்கும் புரதம், நெருக்கமாகச் சுற்றி வைத்த நூல்கண்டு போன்றது. புளிப்பு பட்டால் அந்தச் சுற்று அவிழத் தொடங்கும். கொஞ்சம் அவிழ்ந்தால் கறி பல்லுக்கு மெதுவாகும். அவிழ்ந்துகொண்டே போனால் நூல்கள் ஒன்றோடொன்று பின்னி இறுகி, நடுவில் இருந்த தண்ணீரைப் பிழிந்து வெளியே தள்ளிவிடும். சூடான பாலில் எலுமிச்சை பிழிந்து பார்த்திருக்கிறாய் அல்லவா? சட்டெனத் திரிந்து, கட்டி ஒரு பக்கம், தண்ணீர் ஒரு பக்கமாகப் பிரியும். அதே பாலில் உறை ஊற்றி வைத்தால் நிதானமாகப் புளித்து, தண்ணீரைத் தன்னுள்ளேயே பிடித்துக்கொண்டு தயிராகிறது. இரண்டும் புளிப்புதான், ஆனால் வேகம் வேறு. எலுமிச்சைச் சாற்றின் பி.எச். அளவு 2-லிருந்து 2.5 வரை இருக்கும், தயிருடையது ஏறக்குறைய 4.5. இந்த அளவில் எண் ஒன்று குறைந்தால் புளிப்பு பத்து மடங்கு ஏறும். அப்படியானால் எலுமிச்சை தயிரைவிட நூறு மடங்குக்கு மேல் கடுமையானது. தயிர் கெட்டியாக ஒட்டிக்கொண்டு மெதுவாக வேலை செய்வதால் நமக்கு அவகாசம் கிடைக்கிறது.

இன்னொன்றைக் கவனி. எத்தனை மணி நேரம் ஊறினாலும் புளிப்பு ஆழமாக இறங்காது. ராத்திரி முழுக்க வைத்தாலும் சில மில்லிமீட்டர்தான் போகும். அதனால் நேரத்தைக் கூட்டினால் உள்ளே பஞ்சாகாது, மேல்பக்கம்தான் மேலும் மேலும் கெடும். உன் கோழிக்கு நடந்தது அதுதான். உள்ளே வரை போவது உப்புதான். புரதத்தைத் தண்ணீர் பிடித்துக்கொள்ளும்படி செய்வதும் அதுவே. நீயோ, 'கடைசியில் போட்டுக்கலாம்' என்று உப்பை விட்டுவிட்டாய். அதனால்தான் உள்ளே அப்படி ஆனது என்று எனக்குத் தோன்றுகிறது.

அடுத்த முறை இப்படிச் செய். அரை கிலோ கோழியை ஒரே அளவாக, இரண்டு விரல் தடிமனில் வெட்டிக்கொள். அரை கப் கெட்டித் தயிரில் ஒரு டீஸ்பூன் உப்பு, இஞ்சி பூண்டு விழுது, மிளகாய்த்தூள், மஞ்சள், ஒரு ஸ்பூன் எண்ணெய் கலந்து கையால் பிசிறு. அலுமினியப் பாத்திரம் வேண்டாம், புளிப்பு அதை அரிக்கும். எவர்சில்வர் அல்லது கண்ணாடிக் கிண்ணத்தில் மூடி ஃபிரிட்ஜில் வை. நான்கு மணி நேரம் போதும், ராத்திரி முழுக்க வைத்தாலும் பழுதில்லை. ஒரு நாளைத் தாண்டினால் மேல்தோல் குழைந்து, விரலால் அழுத்தினால் கூழாக வரும். எலுமிச்சை வாசனை வேண்டுமானால் அரைப் பழத்தை வறுக்க அரை மணி நேரம் இருக்கும்போது பிழிந்துகொள். சட்டியில் போடும் முன் ஒட்டியிருக்கும் அதிகப்படி தயிரை வழித்துவிடு, இல்லாவிட்டால் கறி சிவக்காமல் தண்ணீர் விட்டு வேகும். கிண்ணத்தில் மிஞ்சிய மசாலாவில் பச்சைக்கறி பட்டிருப்பதால், அதை நன்றாகக் கொதிக்க வைக்காமல் எதிலும் சேர்க்காதே.

ஆட்டுக்கறிக்கும் தயிர்தான், ராத்திரி முழுக்க. ஆனால் கிழட்டு ஆட்டின் தொடைக்கறியைத் தயிர் பஞ்சாக்கிவிடும் என்று நம்பாதே. அதன் நார்களுக்கு நீண்ட நேர மிதமான சூடு வேண்டும், தயிர் அதற்குக் கொஞ்சம் கைகொடுக்கும், அவ்வளவுதான். மீனுக்கு எலுமிச்சை இருபது நிமிடத்துக்கு மேல் வேண்டாம். நீ சின்னவளாக இருந்தபோது, விருந்தாளிகள் வருகிறார்கள் என்று நான் வஞ்சிரத் துண்டுகளைக் காலையிலேயே எலுமிச்சையில் ஊற வைத்து மதியம் பொரித்தேன். சட்டியிலேயே ஏடு ஏடாகப் பிரிந்துவிட்டது. அம்மா அதையே உதிர்த்துப் புட்டாகச் செய்து, ஒன்றும் நடக்காதது போலப் பரிமாறினாள்.

ஞாயிற்றுக்கிழமை செய்தால், அடுப்பில் வைக்கும் முன் ஒரு துண்டைக் குறுக்கே வெட்டிப் படம் எடுத்து அனுப்பு. வெளுத்த ஓரம் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா