பஸ்ஸுக்கு ஏற்ற சேலைக்கட்டு

பொள்ளாச்சி,
ஆடி மாதம்

அன்புள்ள பூங்கொடி,

உன் கடிதம் வந்தது. கோபியிலேயே நடந்து போகிற தூரத்தில் ஆபீஸ் என்று இத்தனை வருஷம் சொகுசாக இருந்தாய், இப்போது ஈரோட்டுக்கு மாற்றிவிட்டார்களா? கவுந்தப்பாடி, சித்தோடு வழியாகத் தினமும் போய்வர வேண்டும் என்றால் கொஞ்சம் சிரமம்தான். ஆனாலும் சுடிதாருக்கு மாறிவிடட்டுமா என்று கேட்டிருக்கிறாயே, அது உன் விருப்பம். பருத்திச் சேலை கட்டிக்கொண்டு கூட்டப் பஸ்ஸில் நிற்கவே முடியாது என்று எழுதியிருப்பதைத்தான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நான் பொள்ளாச்சியிலிருந்து கோவைக்கு அப்படித்தானே போய்வருகிறேன்.

சேலை கிழிகிறது, நூல் விலகுகிறது என்று நீ சொல்லியிருக்கிற தொந்தரவு எல்லாம் ஊக்கு குத்துகிற விதத்தில் வருவது. கொசுவத்தை உள்பாவாடையோடு சேர்த்துக் குத்துகிறேன், இடுப்பில் ரெண்டு, தோளில் ரெண்டு என்று எழுதியிருக்கிறாய். அத்தனையும் வேண்டாம். தோளில் ஒன்று, கொசுவத்தில் ஒன்று போதும்.

முதலில் உள்பாவாடையைப் பார். வழுவழுப்பான சாட்டின் பாவாடை மேல் பருத்திச் சேலை நிற்காது, நடக்க நடக்க நழுவும். அதனால்தான் நீ ஊக்கு மேல் ஊக்காகக் குத்த வேண்டியிருக்கிறது. பாப்ளின் பாவாடை என்றால் பருத்தியைப் பருத்தி பிடித்துக்கொள்ளும். கயிறு மாதிரி உருண்ட நாடாவை எடுத்துவிட்டு ஒரு விரல் அகலத்துக்குப் பட்டை நாடா போட்டுக்கொள். நெடுநேரம் உட்கார்ந்திருந்தாலும் இடுப்பை அறுக்காது, சேலையும் நன்றாக இறுகி நிற்கும். செருப்பைப் போட்டுக்கொண்டுதான் சேலை கட்ட வேண்டும். கல்யாணத்துக்குக் கட்டுவதுபோல் தரையைத் தொடக் கட்டினால் பஸ் படியில் நாமே நம் சேலையை மிதிப்போம். கணுக்காலுக்குச் சற்றுக் கீழே நின்றால் போதும்.

கொசுவம் நாலு விரல் அகலத்தில் ஐந்தாறு மடிப்பு. கீழ் ஓரத்தைச் சமமாக இழுத்துவிட்டுச் சொருகு. சொருகின பகுதியை நாடாவே பிடித்துக்கொள்ளும், அங்கே ஊக்குக்கு வேலை இல்லை. பிரிந்து பறப்பது அதற்குக் கீழே இருப்பதுதான். இடுப்பிலிருந்து நாலைந்து விரல் கீழே, மடிப்புகளின் பின்பக்கமாகக் கையை விட்டு, முன்னால் தெரிகிற முதல் மடிப்பை மட்டும் விட்டுவிட்டு மற்றதை ஒன்றோடொன்று சேர்த்துப் படுக்கைவசமாகக் குத்து. வெளியே ஊக்கு தெரியாது. பாவாடையைத் தொடவே கூடாது. ஏன் என்றால், கூட்டத்தில் யாராவது உன் சேலையை மிதித்தால், மடிப்புகள் தங்களுக்குள் மட்டும் சேர்ந்திருந்தால் சொருகினது ஓர் அங்குலம் வெளியே வரும், மறுபடி சொருகிக்கொள்ளலாம். பாவாடையோடு குத்தியிருந்தால் விட்டுக்கொடுக்க இடமே இல்லை, ஊக்கு இருக்கிற இடத்தில் துணி கிழியும். நீ எழுதின இளநீலச் சேலை அப்படித்தான் போயிருக்கும் என்று நினைக்கிறேன்.

ஊக்கை இன்னும் கீழே இறக்கினாலும் தொல்லைதான். வெளியூர் பஸ்ஸின் முதல் படி எவ்வளவு உயரம் என்று உனக்கே தெரியும். புறப்படும் முன் ஒரு நாற்காலி மேல் காலைத் தூக்கி வைத்துப் பார். கொசுவம் முழங்காலில் இழுத்தால் ஊக்கு இறங்கிவிட்டது என்று அர்த்தம்.

தோளுக்கு வருகிறேன். ரவிக்கையின் தோள் தையலில், மேட்டுக்கு ஒரு விரல் பின்னால் குத்து. குத்துகிறபோது முந்தானையை இழுத்துப் பிடிக்காதே. இடது கையைத் தலைக்கு மேலே தூக்கு, அப்போது துணி எங்கே வந்து நிற்கிறதோ அந்த இடம்தான் சரியான அளவு. கையைத் தொங்கவிட்டுக்கொண்டு விறைப்பாகக் குத்தினால், பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடித்ததும் முந்தானை ரவிக்கையையும் சேர்த்து இழுக்கும், ஊக்கு இருக்கிற இடத்தில் நூல் விலகும். எப்படியும் கம்பியை வலது கையால் பிடிப்பது நல்லது. பையும் வலது தோளிலேயே இருக்கட்டும். இடது தோளில் மாட்டினால் வார் ஊக்கின் மேல் உரசி அதைத் திறந்துவிடும்.

ஊக்கு போட்ட இடத்தில் நூல் விலகி வரிவரியாகத் தெரிகிறதே, அதற்குப் பாதிக் காரணம் மழுங்கின ஊக்கு. கூரான முனை நூலுக்கு நடுவே புகுந்து போகும், மழுங்கினது நூலை இழுத்துக்கொண்டு போகும். கைக்குட்டை மூலையில் ஒருமுறை குத்தி எடுத்துப் பார், நூல் சிக்கினால் அந்த ஊக்கைத் தூக்கிப் போடு. மீதிக் காரணம் ஊக்கின் அடியில் இருக்கிற சுருள். துணி அதற்குள் புகுந்து மாட்டிக்கொள்ளும். அதற்கு ஒரு சட்டைப் பொத்தானையோ பாசிமணியையோ முதலில் ஊக்கில் கோத்து, சுருள் வரைக்கும் தள்ளிவிட்டு அப்புறம் குத்து. துணி பொத்தானோடு நின்றுவிடும். வேர்வை படுகிற இடம், எவர்சில்வர் ஊக்காகவே வாங்கு. துருக்கறை லேசில் போகாது. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் கழற்றிவிடு. விலகின நூலை, அந்த இடத்தில் தண்ணீர் தொட்டுக்கொண்டு நகத்தால் குறுக்கே மெல்ல நீவினால் பெரும்பாலும் கூடிவரும். அறுந்திருந்தால் வராது.

சேலை எடுக்கும்போது நூலின் கவுண்ட்டையும் பார்த்து வாங்கு. எண் கூடக் கூட நூல் மெல்லிசு. நூறு கவுண்ட் சேலை கட்டுவதற்குச் சுகம், ஊக்குக்குத் தாங்காது. பஸ் நாட்களுக்கு நான் அறுபது, எண்பது கவுண்ட்டில்தான் எடுக்கிறேன், பெரும்பாலும் நெகமத்தில். புதுச்சேலையை ஒரு ராத்திரி பச்சைத் தண்ணீரில் ஊறப்போட்டு அலசிய பிறகுதான் கட்டுவேன். சாயம் போகும் என்று பயந்தால் அதைத் தனியாகவே ஊறப்போடு. கடைக் கஞ்சியோடு கட்டினால் கொசுவம் உப்பிக்கொண்டு நிற்கும், பக்கத்து சீட்காரரும் நெளிவார். அப்புறம் எனக்குக் கஞ்சியே வேண்டாம், ஈரம் லேசாக இருக்கும்போதே இஸ்திரி போட்டால் போதும். மொடமொடப்பாக இருந்தால்தான் மரியாதை என்று எங்கள் சூப்பிரண்டென்ட் அம்மா சொல்வார். அவர் காரில் வருகிறவர்.

இங்கே ஆடிக்காற்று பாலக்காட்டுப் பக்கமிருந்து அடிக்கிற அடியில் கிணத்துக்கடவு தாண்டுகிற வரை ஜன்னலோரம் உட்கார முடிவதில்லை. முந்தானையை முதுகுப்பக்கமாகச் சுற்றி வலது இடுப்பில் சொருகிவிடுகிறேன். உங்கள் பக்கம் இவ்வளவு காற்று இருக்காது, ஆனாலும் இறங்கும்போது இதை மட்டும் மறக்காதே. தொங்கும் முந்தானை கதவுக் கைப்பிடியில் மாட்டும், நடத்துநர் அதற்குள் விசில் கொடுத்துவிடுவார். எழுந்ததுமே நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு படியை நோக்கிப் போ.

வீட்டில் எல்லோரும் சுகம். தோப்பில்தான் வேர்வாடல் வந்து தென்னை ஒவ்வொன்றாய்ப் போகிறது. அப்பா தினமும் அதையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். மகன் திருப்பூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான், ஞாயிறானால் துவைக்கிற துணியோடு வந்துவிடுகிறான். உன் மாமியாரின் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது?

ஈரோட்டில் ஜவுளிச் சந்தைப் பக்கம் போனால் எனக்கு வெள்ளையிலும் சந்தனத்திலும் பாப்ளின் பாவாடைத் துணி எடுத்துவை. கசக்கிப் பார்த்து எடு, பாலியஸ்டர் கலந்தது என்றால் சுருக்கம் விழாமல் உடனே விரிந்துவிடும். பணத்தை அடுத்த தடவை நேரில் தருகிறேன்.

அன்புடன்,
சாந்தாமணி