சென்னையின் பரப்பளவு எது? எல்லையைச் சொல்லிவிட்டு எண்ணைச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னையின் மக்கள்நெருக்கம் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையில் ஒரு வரி: ‘2011 கணக்கெடுப்பின்படி 46 லட்சம் பேர் 426 சதுர கிலோமீட்டரில் வாழ்கிறார்கள், சதுர கிலோமீட்டருக்கு 10,908 பேர்.’ நகரமைப்பு வரைபடங்களோடு காலம் கழித்த எனக்கு இந்த வரியைப் படித்தபின் அடுத்த பத்திக்குப் போக மனம் வரவில்லை. 46 லட்சமும் சரியான எண், 426-ம் சரியான எண். ஆனால் இரண்டும் ஒரே நிலத்தைப் பற்றியவை அல்ல. பத்திரிகையில் இருப்பவர்களுக்கு இது தெரியாமல் இருக்காது என்றுதான் இத்தனை காலம் நம்பியிருந்தேன்.

2011 கணக்கெடுப்பின் தலை எண்ணும் பணி அந்த ஆண்டு பிப்ரவரியில் நடந்தது. கணக்கெடுப்புக்கு முன்பே நிர்வாக எல்லைகளை உறையவைத்துவிடுவார்கள். அதன்பின் எந்த ஊர் எதில் சேர்ந்தாலும் அந்தக் கணக்கெடுப்பில் அது ஏறாது. அன்றைய சென்னை மாநகராட்சி சுமார் 174 சதுர கிலோமீட்டர். அதில் இருந்தவர்கள் 46,46,732 பேர். அதே ஆண்டு அக்டோபரில்தான் அம்பத்தூர், திருவொற்றியூர், மாதவரம், ஆலந்தூர் உள்ளிட்ட 9 நகராட்சிகளும் 8 பேரூராட்சிகளும் 25 ஊராட்சிகளும் மாநகராட்சியோடு இணைந்து பரப்பு 426 ஆனது. தங்கள் கட்டுரையாளர் அக்டோபர் நிலத்தில் பிப்ரவரித் தலைகளைப் பரப்பிவிட்டார்.

கணக்கெடுப்புத் துறையே தந்த நெருக்கம் 26,553. துறை எந்தப் பரப்பால் வகுத்தது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. 46,46,732-ஐ 26,553-ஆல் வகுத்தால் 175 வரும். அதுதான் அவர்கள் எடுத்துக்கொண்ட பரப்பு. (174, 175 என்ற இந்தச் சிறு வித்தியாசம் பொருட்டல்ல. முழு எண்ணாக்கும்போதும், ஆற்றையும் கடற்கரை ஓரத்தையும் எப்படி அளந்தார்கள் என்பதைப் பொறுத்தும் ஒன்றிரண்டு கிலோமீட்டர் நகரும். 174-க்கும் 426-க்கும் உள்ள வித்தியாசம் அந்த வகை அல்ல.) விரிந்த மாநகராட்சிக்கு நெருக்கம் வேண்டுமென்றால், இணைந்த ஊர்களில் அதே 2011-ல் எண்ணப்பட்டவர்களையும் கூட்ட வேண்டும். கூட்டினால் மொத்தம் ஏறக்குறைய 67 லட்சம். அதை 426-ஆல் வகுத்தால் 15,700 வரும். புதிதாகச் சேர்ந்த 252 சதுர கிலோமீட்டரை மட்டும் தனியே எடுத்தால் சுமார் 8,000 தான். பழைய நகரத்தின் நெரிசல் அப்படியேதான் இருக்கிறது. நெருக்கம் குறைந்த நிலம் பக்கத்தில் வந்து சேர்ந்ததால் சராசரி இறங்கியது. 10,908 என்ற எண்ணோ எந்தச் சென்னைக்கும் பொருந்தாது.

இந்த ஒரு வரியோடு போயிருந்தால் பேனாவை எடுத்திருக்க மாட்டேன். தலைக்கு இத்தனை கிலோ குப்பை என்று முன்பும் ஒரு செய்தி வந்தது. குப்பை 426 சதுர கிலோமீட்டரிலிருந்து அள்ளியது. வகுத்தது 46 லட்சத்தால். அப்படி வகுத்தால், அதே கணக்கெடுப்பு ஆண்டை வைத்துப் பார்த்தாலும் தலைக்குரிய அளவு நாற்பது சதவீதத்துக்கு மேல் கூடுதலாகக் காட்டும். வார்டு வாரியாக 2011-க்கு முன்னும் பின்னும் ஒப்பிட்ட அட்டவணையும் அப்படித்தான். விரிவாக்கத்தின்போது பழைய 155 வார்டுகளை 107 ஆகச் சுருக்கி, சேர்ந்த பகுதிகளுக்கு 93 கொடுத்து 200 ஆக்கினார்கள். அன்றைய 120-வது வார்டும் இன்றைய 120-வது வார்டும் வேறு வேறு இடங்கள்.

மாவட்டக் கணக்கு இன்னொரு குழப்பம். மாநகராட்சி எல்லை 2011-ல் விரிந்தது. வருவாய் மாவட்டத்தின் எல்லை 2018-ல்தான் அதற்கு ஈடாக விரிந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் அம்பத்தூர்க்காரர்கள் சொத்து வரியைச் சென்னை மாநகராட்சிக்குக் கட்டிக்கொண்டு, பட்டாவுக்கும் சான்றிதழுக்கும் திருவள்ளூர் மாவட்ட அலுவலகங்களின் படியேறினோம். சோழிங்கநல்லூர்க்காரர்களுக்குக் காஞ்சிபுரம் மாவட்டம். அந்த ஆண்டுகளில் சென்னை 174 என்று எழுதினாலும் சரி, 426 என்று எழுதினாலும் சரி. மாவட்டமா மாநகராட்சியா என்று சொல்லியிருந்தால் போதும். ஆறேழு ஆண்டுகள் அதைச் சொல்லாமலே எழுதிவந்தீர்கள்.

அடுத்தது 1,189 சதுர கிலோமீட்டர். அது 2022 வரை சி.எம்.டி.ஏ. எனப்படும் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் திட்டப் பகுதி. நில உபயோகம், மனைப்பிரிவு, கட்டட அனுமதி ஆகியவற்றுக்காக வரைந்த எல்லை அது. குப்பை அள்ளவோ வரி வசூலிக்கவோ அல்ல. அதற்குள் தனித்தனி உள்ளாட்சிகள் உண்டு. இன்று ஆவடியும் தாம்பரமும் தனி மாநகராட்சிகளாகவே இருக்கின்றன. அந்தப் பகுதியில் 2011-ல் சுமார் 89 லட்சம் பேர் இருந்தார்கள், நெருக்கம் 7,500. ‘பெருநகர சென்னை மாநகராட்சி’, ‘சென்னைப் பெருநகர்ப் பகுதி’ என்ற பெயர்கள் அருகருகே ஒலிப்பதால், முன்னதன் மக்கள்தொகையைப் பின்னதன் பரப்போடு ஒட்டிவிடுகிறார்கள். கணக்கெடுப்புத் துறை தொடர்ச்சியான நகரப் பரப்பாக வகுத்துத் தரும் 86.5 லட்சமோ இரண்டுக்கும் பொருந்தாது. அது எந்த ஒரு அலுவலகத்தின் ஆளுகை எல்லையும் அல்ல.

2022 அக்டோபரில் அந்தத் திட்டப் பகுதியை 5,904 சதுர கிலோமீட்டராக்கி அரசாணை வந்தது. அரக்கோணம் பக்கத்து ஊர்கள்வரை உள்ளே வந்தன. அன்று ‘சென்னை 34 மடங்கு வளர்ந்தது’ என்று ஒரு துணுக்கு போட்டிருந்தீர்கள். 174-ஐயும் 5,904-ஐயும் வைத்து எடுத்த மடங்கு அது. முதலாவது மாநகராட்சி, இரண்டாவது திட்டப் பகுதி. திட்டப் பகுதியைத் திட்டப் பகுதியோடுதான் ஒப்பிட வேண்டும். அப்படிப் பார்த்தால் ஏறக்குறைய ஐந்து மடங்கு. மாநகராட்சியை மாநகராட்சியோடு ஒப்பிட்டால் இரண்டரை மடங்குக்குச் சற்றுக் குறைவு. அந்த அரசாணையால் மாநகராட்சியின் எல்லைக் கல் ஒன்றுகூட நகரவில்லை. ஆனாலும் அரக்கோணத்துப் பக்கம் மனை வாங்கப் போகிறவரிடம் ‘இது சென்னைதான்’ என்று விற்பவர் உங்கள் துணுக்கை வெட்டிவைத்துக் காட்ட முடியும். வாங்கியவருக்குக் குடிநீரும் சாலையும் தரவேண்டியது அவர் ஊராட்சியேதான்.

அடுத்த கணக்கெடுப்பின் எண்கள் வரும்போது மாநகராட்சி இன்றைய எல்லையோடு வரும். அப்போது புதிய எண்ணைப் பழைய 46 லட்சத்தின் பக்கத்தில் வைத்து ‘சென்னை வீங்கிவிட்டது’ என்று தலைப்பிட்டால், இடைப்பட்ட ஆண்டுகளின் வளர்ச்சியும் 42 உள்ளாட்சிகளின் இணைப்பும் ஒன்றாகக் கலந்துவிடும். ஒப்பிட வேண்டிய பழைய எண் 67 லட்சம்.

நான் கேட்பது பெரிதல்ல. அட்டவணையில் ‘பரப்பளவு’ என்ற தலைப்பின் கீழ் எந்த எல்லை, எந்த ஆண்டு என்று இரண்டு சொற்கள் சேருங்கள்: ‘மாநகராட்சி, 2011 அக்டோபருக்குப் பின்’ என்பதுபோல. மக்கள்தொகைக்கும் அதே இரண்டு சொற்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் வகுக்காதீர்கள். 10,908-க்கு ஒரு திருத்தமும் வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
நகரமைப்பு வரைபடத் துறையில் பணியாற்றிய வாசகர்,
அம்பத்தூர்.