விளம்பரத் தமிழுக்கு ஒரு சோதனை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நெல்லை வண்ணார்பேட்டையில் ஒரு நல்லெண்ணெய் விளம்பரப் பலகை நிற்கிறது: 'உங்கள் சமையலை அடுத்த நிலைக்கு எடுத்துச் செல்லுங்கள்.' எழுத்துப்பிழை இல்லை, இலக்கணமும் சரி. ஆனால் நம் ஊர்ப் பலசரக்குக் கடைக்காரர் ஒருவர்கூட இதை வாயால் சொல்லமாட்டார். தமிழில் சமையல் ருசிக்கும், மணக்கும்; அதை யாரும் எங்கேயும் எடுத்துச் செல்வதில்லை.

இத்தகைய வாசகத்தைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலத்துக்குத் திருப்பிப் பாருங்கள். அங்கே பழகிய விளம்பர வரி ஒன்று முழுசாக வந்து நின்றால், அது மொழிபெயர்ப்பு. அப்புறம் அந்த 'உங்கள்'. ஆங்கிலத்துக்கு அது வேண்டும். தமிழில் பெரும்பாலும் சும்மா நிற்கும்.

அங்கிருந்து வந்ததெல்லாம் கெட்டது என்று சொல்லவில்லை. 'ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்' என்பதும் ஆங்கில வழிதான். மூலத்தில் 'வாங்கு, பெறு' என்று இரண்டு ஏவல்கள். தமிழில் எழுதியவர் அவற்றை விட்டுவிட்டு 'வாங்கினால்' என்று நம் வாக்கிய அமைப்புக்குக் கொண்டுவந்தார். 'ஒன்று' இரண்டு முறை வந்து ஓசையும் கூடியது. அதனால்தான் டவுன் ரதவீதியில் சின்னப் பிள்ளைகூட அதைத் தடங்கலில்லாமல் சொல்கிறது.

அந்த எண்ணெய்க்கு 'நல்லெண்ணெய் ஊற்றினால் நாலு தோசை கூட இறங்கும்' என்று எழுதியிருக்கலாம். மோனையும் இருக்கிறது, மிளகாய்ப்பொடி வாசமும் வருகிறது. நிறுவனங்கள் ஆங்கில வரியை மொழிபெயர்க்கக் கொடுக்காமல், பொருளைக் கையில் கொடுத்துத் தமிழிலேயே எழுதச் சொல்ல வேண்டும்.

- வாசகர், பாளையங்கோட்டை